பெற்றோரின் அலட்சியமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்வு மைய வாசலில் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய செய்தியைக் கடந்த வாரம் வெளியிட்டிருந்தீர்கள். "உரிய அடையாள அட்டை கொண்டுவராதது பெற்றோரின் அலட்சியமே" என்று அது முடிந்திருந்தது. அந்த வரியைப் படித்த பிறகு அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

போன ஜனவரியில் பிளஸ் டூ படித்த என் மகளை ஒரு நுழைவுத் தேர்வுக்காக அரியலூரிலிருந்து திருச்சிக்கு அழைத்துப் போனேன். பள்ளி அடையாள அட்டை செல்லும் என்று ஹால் டிக்கெட்டிலேயே போட்டிருந்தார்கள். ஆனால் அந்த ஆண்டு அட்டை அச்சுக்குப் போயிருக்கிறது என்று ஆகஸ்டிலிருந்து பள்ளியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், கடைசிவரை வரவில்லை. கையில் இருந்தது பிளஸ் ஒன் அட்டைதான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு போனஃபைட் சான்றிதழும் வாங்கி வைத்திருந்தேன்.

வாசலில் அட்டையைப் பார்த்தவர், இது போன கல்வியாண்டோடு முடிந்துவிட்டது என்றார். போனஃபைட்டை நீட்டினேன். படம் ஒட்டியிருந்தது, தலைமை ஆசிரியர் கையெழுத்தும் இருந்தது. ஆனால் முத்திரை கையெழுத்துக்குப் பக்கத்தில் விழுந்திருந்ததே தவிர, படத்தின் மேல் இல்லை. "யார் படத்தை வேண்டுமானாலும் ஒட்டலாமே அம்மா" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை என்பதுதான் எனக்கு வலித்தது. பாதி முத்திரை படத்திலும் பாதி தாளிலும் விழுந்தால்தான் படத்தை மாற்றியிருந்தால் தெரியும். இதைப் பள்ளி அலுவலகத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வாயில் அடைக்க நாற்பது நிமிடம்தான் இருந்தது. பிரவுசிங் சென்டருக்கு ஓடி இ-ஆதார் எடுக்கச் சொன்னேன். ஓடிபி வீட்டில் மாமியாரிடம் இருக்கும் போனுக்குப் போனது. அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து ஆறு எண்களையும் படித்துச் சொன்னான். அந்தத் தாளில் இருந்தது என் மகளின் ஆறு வயதுப் படம். அதனால்தான் ஆதாரை எடுத்துப் போகாமல் பள்ளி அட்டையை நம்பினேன். 15 வயதில் கைரேகையும் படமும் புதுப்பிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது, அது என் தவறுதான். முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் உள்ளே விட்டார்கள். அழுத கண்ணோடு போய் எழுதினாள்.

நீங்கள் அறியாததல்ல. ஜேஇஇ மெயின் தேர்வின் பட்டியலில் பள்ளி அடையாள அட்டை இருக்கிறது. அதே தேசியத் தேர்வு முகமை நடத்தும் நீட் தேர்வின் பட்டியலில் அது இல்லை. இரண்டையும் எழுதும் பிள்ளைக்கு இது எப்படிப் புரியும்? பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாக்காளர் அட்டைக்கு 18 வயதாக வேண்டும். சிறுவர்களுக்குத் தரும் பான் அட்டையில் படம் இருக்காது. நம் ரேஷன் ஸ்மார்ட் கார்டில் குடும்பத் தலைவர் படம் மட்டும்தான். பாஸ்போர்ட் எங்களைப் போன்ற வீடுகளில் ஏது? பிளஸ் டூ ஹால் டிக்கெட் மே மாதத் தேர்வுக்கு உதவும், ஜனவரியில் அது கைக்கே வந்திருக்காது. அப்புறம் ஆதார்தான் மிஞ்சுகிறது. நீட், சிபிஎஸ்இ தேர்வுகளுக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. சொல்லி என்ன பயன், வாசலில் வேறு எது செல்கிறது?

இனிஷியல் தொல்லை வேறு. பள்ளி அட்டையில் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. மகன் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு விண்ணப்பித்தபோதும் இதற்காகவே மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தேன். ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை, விட மனம் வருமா? அன்றும் "பெற்றோர் கவனிக்க வேண்டாமா" என்றுதான் கேட்டார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிகள் ஜூலைக்குள் அட்டை கொடுக்கட்டும். அதில் எந்தத் தேதிவரை செல்லும் என்று அச்சிடட்டும். போனஃபைட் தரும்போது படத்தின் மேல் முத்திரை விழட்டும், ஹால் டிக்கெட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். தாங்களும் தேர்வு அறிவிப்பு வரும்போது, எந்தத் தேர்வுக்கு எந்த அட்டை செல்லும் என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டால் நன்றியோடு வெட்டி வைத்துக்கொள்வேன். என் மகன் இப்போது பத்தாம் வகுப்பு.

இப்படிக்கு,
ஒரு தாய்,
அரியலூர் மாவட்டம்.