பதினைந்தாம் பக்கத்துச் சைபர்

அன்பு மக்களே,

நீ போய் இன்றைக்கு 19 நாள். வண்டி இறங்கியதும் "சேர்ந்துட்டேன்" என்று ஒரு வரி. அதன் பிறகு அம்மை எப்போது கூப்பிட்டாலும் மீட்டிங் என்கிறாய். சரி, வேலை அப்படி. மட்டிக்குலை பழுத்து, பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டோம். மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று அம்மை கட்டிவைத்திருந்த குலை. இந்தத் தடவை அவருக்கு வரமுடியவில்லை போல.

நான் எழுத வந்தது வேறு. அன்று ராத்திரி ஒரு மணிக்கு, கூட வேலை செய்கிற பையனின் ஸ்லைடுகளைத் திருத்திக்கொண்டிருந்தாய். தண்ணீர் குடிக்க எழும்பின என்னை, "அப்பா, நம்ம மாவட்டம் வருது பாருங்க" என்று கூப்பிட்டாய். 31 வருஷம் அச்சாபீஸில் புரூப் பார்த்தவனுக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது.

ஆனால் நீ எல்லாப் பிழையையும் ஒரே வாசிப்பில் பிடிக்கப் பார்க்கிறாய். எழுத்துக்கு ஒரு தடவை, எண்ணுக்கு ஒரு தடவை, ஓரத்துக்கு ஒரு தடவை என்று தனித்தனியாகப் போகணும். எழுத்துருவுக்கு நீ Replace Fonts திறந்தது நல்ல வழிதான். ஒரு பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நாலு பெயர் வந்து நின்றது. ஆனால் 11ஆம் பக்கத்து வரைபடத்தை அவன் படமாக ஒட்டியிருந்தான். படத்துக்குள் இருக்கிற எழுத்து அந்தப் பட்டியலில் வராது, எழுத்துப்பிழை காட்டுகிற சிவப்புக் கோட்டிலும் சிக்காது. நம்ம மாவட்டம் ஒரு பக்கத்தில் Kanyakumari, அந்தப் படத்தில் Kanniyakumari. இரண்டுமே வழக்கத்தில் உள்ளவை. எதையாவது ஒன்றைத்தான் கடைசிவரை வைக்கணும். ஓரம் பார்க்க நாங்கள் இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்போம். நீ Page Down-ஐ வேகமாகத் தட்டினாய், 6இலிருந்து 7க்குப் போகும்போது தலைப்பு ஒரு துள்ளுத் துள்ளியது. இரண்டும் ஒரே வித்தைதான்.

எண்ணில்தான் எனக்குப் பயம். மொத்த விற்பனையை அவன் 4ஆம் பக்கத்தில் 1.25 கோடி என்றும், 9இல் 12.5 மில்லியன் என்றும், 13இல் 125 லட்சம் என்றும் போட்டிருந்தான். மூன்றும் ஒரே தொகை, உடை மட்டும் வேறு. அதைக் கோடியாக்கினாய், சரி. 15ஆம் பக்கத்தில் அதே மொத்தம் 1,250,000 என்று இருந்தது. கமா நம்ம முறையில் இல்லையே என்று 12,50,000 ஆக்கிவிட்டு நகர்ந்தாய். எண்ணிப் பார், மக்களே. அது பன்னிரண்டரை லட்சம், ஒரு சைபர் குறைவு. கமாவைச் சரிபண்ணினதில் பிழை குளித்துத் தலைசீவி உட்கார்ந்துவிட்டது, இனி யார் கண்ணிலும் உறுத்தாது. கமாவைத் தொடுமுன் தொகையை வாயால் சொல்லிப் பார்க்கணும். நான் சொன்னதும் நீயே சைபரைச் சேர்க்கப் போனாய். அதுவும் கூடாது. உடையை நீ மாற்றலாம், தொகையை எழுதினவனிடம் கேட்கணும். ஒருவேளை அது ஒரு கிளையின் கணக்காக இருந்து, தலைப்புதான் தப்பாக இருந்திருக்கலாம். ஒரு சங்கத்து ஆண்டறிக்கையில் நான் கேட்காமல் ஒரு எண்ணைத் திருத்தி, 500 பிரதியை மறுபடி அடிக்கவேண்டி வந்தது. திருத்தினது நான், திட்டு வாங்கினது கம்பாசிட்டர். மறுபடியும் சொல்கிறேன், தொகையைத் தொடாதே, கேள்.

நீ கேட்ட விதமும் மனசில் நிற்கிறது. 40 சிவப்புக் குறிப்பு, மேலதிகாரிக்கும் ஒரு நகல். அந்தப் பையன் எப்படித் தூங்கியிருப்பான்? கமா, ஓரம் எல்லாம் நீயே சரிபண்ணிவிட்டு, சைபர் ஒன்றை மட்டும் போனில் அவனிடம் கேட்டிருக்கலாம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பதினேழு வயசில் ஹாஸ்டலில் இருந்து நீ எழுதின முதல் கடிதம். சாப்பாடு பிடிக்கவில்லை, ராத்திரி அழுகையாக வருகிறது என்று நாலு பக்கம். நான் ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, அதையே உனக்குத் திருப்பி அனுப்பினேன். அழுததைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதன் பிறகு நீ கடிதம் எழுதவே இல்லை. அம்மை அதை இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அன்று ராத்திரியும் உன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு சைபரைத்தான் சொன்னேன்.

நாலு வரி எழுது, மக்களே. எப்படி வேண்டுமானாலும் எழுது. பேனா எடுக்கமாட்டேன். வரணும் என்று தோன்றினால் தேதி சொல்லவேண்டாம், நேரே வா. தனியாக வந்தாலும் சரிதான். அடுத்த குலை வெட்டாமல் நிற்கிறது.

அப்பா