ஒரே ஒரு வெள்ளைக் கொத்து: முழுக்கக் கருப்படிக்க நாங்கள் ஏன் தயங்குகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தலை முழுக்கக் கருப்பாக இருக்கும், ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு கொத்து. இப்படி முடி உள்ளவர்கள் நம் கடைக்கு அடிக்கடி வருகிறீர்கள். எம்.சி. ரோட்டில் துணி எடுத்துவிட்டுப் போகிற வழியில் ஏறி, "இதை மட்டும் கருப்பாக்கிடுங்க, பத்து நிமிஷ வேலைதானே" என்று உட்காருவீர்கள். நாங்கள் கிண்ணத்தை எடுக்காமல் கேள்வி கேட்க ஆரம்பித்தால் சிலருக்குக் கோபம்கூட வருகிறது. வேலையைத் தட்டிக் கழிக்கவில்லை. காரணத்தை நிதானமாகச் சொல்லத்தான் இந்த மடல்.

வயதாகி வரும் நரை தலை முழுக்கப் பரவலாக வரும். இந்தக் கொத்து அப்படியல்ல. அந்த இடத்து முடிவேர்களில் மட்டும் நிறமி இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே நெற்றிக்கு மேலே நடுவில் முக்கோணமாக இருக்கும், பெரும்பாலும் வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். அது அப்படியேதான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. சிலருக்கு அடிபட்ட தழும்பின் மேல் வெள்ளையாக முளைக்கும். புழுவெட்டு ஆறும்போதும் பெரும்பாலும் முதலில் வெள்ளை முடிதான் வரும். பல பேருக்குச் சில மாதங்களில் அது தானாகவே கருத்துவிடும். அதனால் புழுவெட்டுக்காரர்களுக்கு நாங்கள் கலர் போடுவதில்லை, கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறோம். சமீபத்தில் புதிதாக வந்த கொத்து என்றாலோ, அடியில் தோலும் வெளுத்துக்கொண்டு வருகிறது என்றாலோ முதலில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவிலோ உங்கள் தோல் டாக்டரிடமோ காட்டிவிட்டு வாருங்கள். கூடவே கண் சிவந்து பார்வை மங்கினால் தள்ளிப்போடவே வேண்டாம், அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள்.

சரி, முழுக்கக் கருப்படித்தால் என்ன ஆகும்? முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும், அதுவும் எங்கள் டியூப் லைட்டுக்குக் கீழே. வெளியே வெயிலில் நின்றால்தான் தெரியும். நம் முடியைக் கருப்பு என்கிறோமே தவிர, வெயிலில் அது ஆழ்ந்த பழுப்பு. கடையில் கிடைக்கும் பாக்கெட் டை பெரும்பாலும் அட்டைக் கருப்பு, கலர் அட்டவணையில் 1-ம் எண்; எண் ஏற ஏற நிறம் வெளிறும். சுற்றியுள்ள முடி பழுப்பாக மின்ன, அந்தக் கொத்து மட்டும் நீலம் பாய்ந்த கருப்பாகத் தனியே நிற்கும். வெள்ளையை மறைக்கப் போய், கருப்பால் அதே இடத்தைக் கோடு போட்டுக் காட்டியது போல ஆகிவிடும்.

அடுத்தது வேர். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். தலை முழுக்க நரை கலந்திருந்தால் வேரில் வரும் வெள்ளையும் கலந்தே வரும், அவ்வளவாகக் கண்ணில் படாது. இங்கேயோ கொத்து முழுவதும் வெள்ளை. இரண்டே வாரத்தில் வகிட்டோரம் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை எழும், அதன் மேலே கருப்பு நேர்க்கோடாக வெட்டித் தெரியும். அதை மறைக்க மறுபடி டை, பத்து நாளில் மறுபடி டை. ஒவ்வொரு தடவையும் பழைய இடத்தின் மேலும் பூசுவதால் கருப்பு இன்னும் ஏறிக்கொண்டே போகும். பக்கத்து நல்ல முடியிலும் இழுபட்டு அதையும் கெடுக்கும்.

எங்கள் வழி வேறு. கொத்தை ஒரே நிறமாக்காமல் உடைத்து விடுகிறோம். ஓர் உதாரணத்தோடு சொன்னால் எளிதாகப் புரியும்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு டீச்சரம்மா வருகிறார். (விவரம் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கிவிட்டோம், பெயர் வேண்டாம் என்றார்.) பிறவிக் கொத்து, முன்நெற்றியில் நடுவில், இரண்டு விரல் அகலம். அடியில் தோலும் வெள்ளை. கல்லூரி நாளிலிருந்து பாக்கெட் டை. நடுவகிடு எடுப்பவர் என்பதால் டையின் சாம்பல் கறை அந்த வெள்ளைத் தோலில் படிந்து, முடியைவிட அதுதான் முதலில் கண்ணில் படும். தங்கை கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது வந்தார்.

முதல் சங்கடம், நீளவாக்கில் ஏற்கெனவே ஏறியிருந்த அட்டைக் கருப்பு. கலருக்கு மேல் இன்னொரு கலர் போட்டால் வெளுக்காது, இது பலருக்குத் தெரிவதில்லை. 4-ம் எண் பழுப்பை அதன் மேல் எவ்வளவு பூசினாலும் கருப்பு கருப்பாகத்தான் இருக்கும். வெளுக்க வேண்டுமானால் பிளீச். பலமுறை டை கண்ட முடிக்கு அதைப் பரிந்துரைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் டையை நிறுத்தி, புது முடியை வளரவிடச் சொன்னோம். அதுவரை பள்ளிக்குப் போகும் நாட்களில் வேரில் தட்டிக்கொள்ளும் பழுப்புப் பவுடர், தலை குளித்தால் போய்விடும். நடுவகிட்டை அரை அங்குலம் இடப்பக்கம் தள்ளி, நேராக இழுக்காமல் கொஞ்சம் வளைத்து எடுக்கச் சொன்னோம். பாதி கொத்து மேல் முடிக்குக் கீழே போய்விட்டது. இதற்குக் காசே கிடையாது.

இரண்டரை மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வெள்ளை வளர்ந்தது. இரண்டு நாள் முன்னதாகவே வரச்சொல்லி, காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு கலர் வைத்து அனுப்பினோம், இதுதான் பேட்ச் டெஸ்ட். 48 மணி நேரம் அரிப்போ சிவப்போ இல்லை என்றால்தான் மேற்கொண்டு வேலை. வருடக்கணக்கில் டை போட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று சிலர் கேட்பார்கள். டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனத்துக்கு அலர்ஜி எந்த வருடமும் புதிதாக வரலாம். ஒரு தடவை வந்தால் முகமே வீங்கலாம்.

நிறம் தேர்வதில் ஒரு விஷயம். கருப்பு முடியில் எந்த ஷேட் போட்டாலும் அடியில் நம் சொந்த நிறமி இருப்பதால் அடங்கித் தெரியும். வெள்ளை முடியில் அப்படி ஒன்றும் இல்லை, டியூபில் என்ன இருக்கிறதோ அது அப்படியே தெரியும். சிவப்பு கலந்த ஷேட் ரோஸாகப் பளிச்சிடும், ஆஷ் ஷேட் பச்சையோ சாம்பலோ அடிக்கும். அதனால் எந்தச் சாயலும் கலக்காத நேச்சுரல் வரிசைதான். டீச்சரம்மாவின் முடியை வாசல் வெளிச்சத்தில் அட்டவணையோடு ஒப்பிட்டு 3, 4 என்று இரண்டு எண்களை எடுத்தோம்.

கொத்தை அரை சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் வால் சீப்பின் முனையால் மேலும் கீழுமாகத் தைத்துக்கொண்டே போய் சன்ன இழைகளாக எடுத்தோம். கறுப்பு முடியைத் தொடும் ஓர இழைகள் பெரும்பாலும் 3. உள்ளே வர வர 3-ம் 4-ம் மாறி மாறி. நடுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இழைகளைத் தொடவே இல்லை, வெள்ளையாகவே விட்டோம். எல்லாவற்றையும் ஒரே உயரத்திலும் தொடங்கவில்லை. சிலது வேருக்குக் கிட்டே, சிலது அரை விரல் தள்ளி. பின்னால் வேர் வளரும்போது நேர்க்கோடு விழாமல் இருப்பது இந்த ஏற்ற இறக்கத்தால்தான். ஒவ்வொரு கட்டும் தனித்தனி ஃபாயிலில். டை நேரே தோலில் படாததால் பழைய சாம்பல் கறையும் இல்லை. தோலும் வெளுத்திருப்பவர்களுக்கு இது அழகுக்காக மட்டும் இல்லை, டை ரசாயனமே சிலருக்குத் தோலை வெளுக்க வைக்கும் என்பதால் அதைத் தள்ளி வைப்பதே நல்லது. சுற்றியுள்ள கருப்பு முடியில் கண்டிஷனரை மெழுகிவிட்டோம், வழிந்தாலும் ஒட்டாது.

கலரை முடிக்குள் ஏற வைக்கும் திரவம்தான் டெவலப்பர்; 3-ம் எண்ணை 6 சதவீத டெவலப்பரில் கலந்தோம். வெள்ளை முடி பலருக்கு முரடாக இருக்கும், கலரைச் சீக்கிரம் உள்ளே விடாது. 20 நிமிஷத்தில் கழுவினால் சீக்கிரமே வெளிறிவிடும், 40 நிமிஷம் வைத்தோம். 4-ம் எண் மட்டும் மெல்லிய 3 சதவீதத்தில், கொஞ்ச நாளில் தானாக வெளிறும் வகை. அது வெளிறிக்கொண்டே போவதால் வேருக்கும் மற்ற முடிக்கும் இடையே சண்டை குறையும். இத்தனைக்கும் செலவான கலர் பத்து கிராம்தான். நேரம்தான் ஒன்றரை மணி ஆனது, கூலியும் அதற்குத்தான்.

கல்யாணத்தில் பூ வைத்துப் படம் எடுத்ததைக் காட்டினார். கொத்து காணாமல் போகவில்லை. கிட்டத்தில் பார்த்தால் பழுப்பும் ஓரிரு வெள்ளி இழையுமாகத் தெரிகிறது, நாலடி தள்ளி நின்றால் தேடத்தான் வேண்டும். பத்து நாளைக்கு ஒரு டை என்றிருந்தவர் இப்போது ஏழெட்டு வாரத்துக்கு ஒரு தடவை வருகிறார். நுனியில் இருக்கும் பழைய கருப்பை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெட்டி விடுகிறோம்.

"கொத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள கருப்பு முடியை வெளுத்துச் சமப்படுத்தக் கூடாதா" என்று இளம்பிள்ளைகள் கேட்கிறார்கள். முடியும். ஆனால் நம் முடி வெள்ளைக்கு அருகே வர வேண்டுமானால் செம்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும், பல தடவை பிளீச் வேண்டும். வழியில் நிறுத்தினால் வெள்ளைக் கொத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சுக் கொத்து நிற்கும். நாங்கள் செய்வதில்லை.

மருதாணி கேட்பவர்களுக்கு: வெறும் மருதாணி வெள்ளைக் கொத்தைச் சுத்தமான ஆரஞ்சாக்கும். அதன் மேல் அவுரி போட்டால் பழுப்புக் கருப்பு வரும், ஆனால் அவுரி முதலில் கரைந்து ஆரஞ்சு மறுபடி எட்டிப் பார்க்கும். டை அலர்ஜி உள்ளவர்களுக்கு இதுதான் வழி, மாதம் ஒருமுறை மெனக்கெட வேண்டும். "கருப்பு மருதாணி" என்று விற்கும் பாக்கெட்டுகள் பலவற்றில் அதே பிபிடி இருக்கிறது, பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

நம் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் உள்ள உப்பும் இரும்பும் முடியில் படியும், விட்ட வெள்ளி இழைகள் மஞ்சளடிக்கும், கலரும் சீராக ஏறாது. வேலை அன்று அந்தப் படிவை நீக்கும் ஷாம்பூவால் நாங்களே அலசிவிடுகிறோம். வீட்டில் கடைசி அலசலுக்காவது ஒரு சொம்பு மெட்ரோ தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். வருவதற்கு முந்தைய நாள் எண்ணெய் போக அலசிவிட்டு வாருங்கள். தினமும் தடவினால் முடி கருக்கும் என்று விற்கும் எண்ணெயோ தைலமோ போட்டிருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். சிலவற்றில் உலோக உப்பு இருக்கும், டெவலப்பர் பட்டதும் முடி சூடாகிப் பொசுங்கலாம். அப்படியானால் ஓர் இழையை வெட்டிச் சோதித்துப் பார்த்த பிறகுதான் தலையில் கை வைப்போம்.

பேட்ச் டெஸ்டுக்குக் கட்டணம் இல்லை. செவ்வாய் முதல் வெள்ளி வரை மதியம் 2 மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். கல்யாணம், வளைகாப்பு என்று தேதி குறித்திருந்தால், ஏற்கெனவே டை போடுபவர்கள் மூன்று மாதம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இதுவரை டையே போடாதவர்களுக்கு ஒரு வாரம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வண்ணாரப்பேட்டை பார்லர்