எளிய மனிதரும் எளிமையான மனிதரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மொழிப் பகுதியில் 'எளிமையான கேள்விக்குக்கூட அவரால் பதில் சொல்ல முடியவில்லை' என்ற வாக்கியத்தை 'எளிய கேள்விக்குக்கூட' என்று திருத்தியிருந்தீர்கள். திருத்தம் சரி. அதற்குச் சொன்ன காரணம்தான் இடிக்கிறது. 'மை'யில் முடியும் பண்புப்பெயர் எதுவானாலும் 'இய' வடிவமே போதும், 'ஆன' வேண்டாத ஒட்டு என்கிறீர்கள்.

அப்படியானால் 'எளிமையான மனிதர்' என்பதையும் 'எளிய மனிதர்' ஆக்கிவிடலாமா? பெரிய பதவியில் இருந்தும் பகட்டில்லாமல் வாழ்கிறவர் எளிமையான மனிதர். எளிய மனிதர் என்றால் வசதியோ செல்வாக்கோ இல்லாதவர். பாராட்டப் போய் அவருடைய சொத்தைப் பிடுங்கிய மாதிரி ஆகிவிடும்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க 'அருமை' நல்ல சொல். 'மை' கெட்டு, இடையிலுள்ள உகரம் இகரமாகி 'அரிய' பிறக்கிறது. 'ஈறு போதல், இடை உகரம் இ ஆதல்' என்று நன்னூல் சொல்லும் விதி இதுதான். இப்படிப் பிறந்த சொல்லில் 'கிடைப்பதற்குக் கடினம்' என்ற பழைய பொருள் அப்படியே தங்கிவிட்டது. 'அருமையான' என்பதிலோ பெயர்ச்சொல் முழுதாக நிற்கிறது. இன்றைக்கு அருமை என்றால் சிறப்பு என்றுதான் முதலில் தோன்றும். அந்தப் பொருளே 'ஆன' வடிவத்துக்கும் வந்து சேர்கிறது. அதனால்தான் 'அரிய நோய்' என்று எழுதலாம், 'அருமையான நோய்' என்று எழுத முடியாது. 'பெரிய' அளவைச் சொல்ல, 'பெருமையான' கௌரவத்தைச் சொல்வதும் இப்படித்தான்.

ஐயம் வந்தால் நான் செய்வது இது: அடைமொழியைத் தூக்கி வாக்கியத்தின் கடைசியில் போட்டுப் பார்ப்பேன். 'கேள்வி எளிது' என்று முடிந்தால் எளிய கேள்வி. 'அவர் வாழ்க்கை எளிது' என்றால் நாம் நினைத்தது வரவில்லை, 'எளிமையாக இருக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது எளிமையான வாழ்க்கை. எல்லா இடத்திலும் இது கறாராகப் பிரித்துவிடாது. 'இனிய குரல்', 'இனிமையான குரல்' இரண்டும் சரி, காதுக்கு எது பிடிக்கிறதோ அதைப் போடலாம். 'அழகிய', 'அழகான' ஜோடியும் அப்படியே.

அப்புறம், அதே பகுதியில் 'முக்கிய' என்பதையும் இந்த வகையில் சேர்த்திருக்கிறீர்கள். அது 'முக்கியம்' என்ற சொல்லின் மகரம் கெட்டு வந்தது. அந்த 'ய' சொல்லுக்குள்ளேயே இருப்பது, விகுதி அல்ல. 'முக்கியது' என்று யாரும் சொல்வதில்லையே. அடுத்த இதழில் திருத்தம் போடும்போது இதையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்