கீசர் செலவு யாருடையது?

அன்புள்ள முருகேசா,

அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நீ அனுப்பிய அப்பளக்கட்டு பத்திரமாக வந்தது. இங்கே பத்து நாளாக கீசர் சண்டை.

வேளச்சேரி வீட்டுக்கு, கட்டில், ஃபிரிட்ஜ், கீசரோடு சேர்த்துத்தான் வாடகை என்று சொன்னேன் அல்லவா? வந்து ஏழு மாதம் ஆகிறது. பதினைந்து லிட்டர் கீசர், இரண்டாயிரம் வாட். நியாயமாகக் கால் மணி, இருபது நிமிடத்தில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வர வேண்டும். முக்கால் மணி நேரம் போட்டாலும் வெதுவெதுப்புதான். உள்ளே சொய்யென்று ஒரு சத்தம் வேறு. போன வாரம் சுவிட்சைப் போட்டதும் வீடே இருண்டது. கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. ட்ரிப் ஆகிவிட்டது. கீசரை அணைத்துவிட்டால் ஒன்றும் ஆகவில்லை. கோளாறு எங்கே என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தால், "நீங்கதானே சார் யூஸ் பண்றீங்க, நீங்கதான் பார்த்துக்கணும்" என்கிறார். அவர் சொல்வதிலும் பிடி இருக்கிறது. நம் மாநிலத்தின் 2017 வாடகைச் சட்டத்தைப் புரட்டினேன். யார் எந்தப் பராமரிப்பைப் பார்க்க வேண்டும் என்று பின்னால் ஒரு அட்டவணை உண்டு. அதில் கீசர் ரிப்பேர் குடியிருப்பவர் பக்கம்தான் இருக்கிறது! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனாலும் மெக்கானிக் கீசரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். தண்ணீரைச் சூடாக்கும் காயில் முழுக்க, சுண்ணாம்பில் முக்கி எடுத்தது மாதிரி உப்பு. அதன் அடியில் ஒரு விரிசல். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போய்த்தான் கரண்ட் கசிந்திருக்கிறது. கூடவே ஒரு மெக்னீசியம் ராடு இருக்கும், டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரைந்து காப்பாற்றுவது. விரல் தடிமன் இருக்க வேண்டியது, தையல் ஊசி மாதிரி கிடந்தது. "இது ஏழு மாசத்துல கரையற சமாச்சாரம் இல்ல சார், மாத்தியே வருஷக்கணக்காகுது" என்றார் அவர். போர் தண்ணீர் வேறு. ஸ்டிக்கரில் 2016 என்று போட்டிருந்தது.

எல்லாவற்றையும் படமெடுத்து, பில்லோடு வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். காயில், ராடு, கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். சுத்தம் செய்த கூலி 450 என்னுடையது, பொருள் விலை 1,400 உங்களுடையது, அடுத்த வாடகையில் கழித்துக்கொள்ளவா என்று கேட்டிருக்கிறேன். கேட்காமல் கழித்தால் வாடகை பாக்கி என்று பேச்சு வரும். டேங்கே ஓட்டையாகியிருந்தால் நான் ஒரு பைசா கொடுத்திருக்க மாட்டேன். அது ரிப்பேர் இல்லை, புதுசு வாங்குவது. வீட்டோடு வந்த பொருளை அவர் மாற்றுவதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

நீயும் மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறாய். வீட்டுக்காரன் கண்ணால் பார்த்துச் சொல், நான் கேட்பது அதிகமா? அவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை, நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.

அன்புடன்,
சேகர்