விளையாட்டுச் சேவையில் உள்நுழைவு மறுக்கப்பட்டது குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புடையீர்,

கடந்த சில வாரங்களாக எங்கள் இணைப்பைப் பயன்படுத்தும் மாணவர் விடுதி ஒன்றிலும், அதைச் சுற்றியுள்ள சில வீடுகளிலும் குறிப்பிட்ட ஓர் இணைய விளையாட்டுச் சேவைக்குள் லாகின் செய்ய முடியவில்லை. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகும், சிலருக்கு 'Too Many Requests' என்றும், வேறு சிலருக்கு 403 என்ற எண்ணுடன் அனுமதி மறுப்பு என்றும் திரையில் வந்தது. தம் கணக்கே முடக்கப்பட்டுவிட்டதோ என்று அஞ்சிப் பலர் எங்களை அழைத்தார்கள். நாங்கள் பார்த்த வரையில் யாருடைய கணக்கும் முடக்கப்படவில்லை. தடுக்கப்பட்டது நீங்கள் பலரும் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு ஐபி முகவரிதான். அது எப்படி நடந்தது, நாங்கள் எங்கே தவறினோம், இப்போது என்ன மாற்றியிருக்கிறோம் என்பதை இம்மடலில் விளக்குகிறோம்.

பழைய முறையிலான ஐபி முகவரிகள் உலகம் முழுமைக்குமே சுமார் 429 கோடிதான். உலக அளவில் பங்கிடுவதற்கு வைத்திருந்த கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. ஆகவே எங்களைப் போன்ற சிறிய நிறுவனங்கள் வீட்டுக்கு ஒரு பொது முகவரி என்று கொடுக்க இயலாமல், ஒரு முகவரியைப் பல இணைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. உங்கள் ரவுட்டரின் பக்கத்தில் 'WAN IP' என்ற இடத்தில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கும் முகவரி தெரிந்தால், நீங்கள் அத்தகைய பகிர்வில் இருக்கிறீர்கள் என்று பொருள். 2012-இல் இந்தப் பயனுக்காகவே தனியே ஒதுக்கப்பட்ட எண்வரிசை அது. அந்த எண் எங்கள் வலையமைப்புக்குள் மட்டுமே செல்லும். வெளியுலகத்துக்குத் தெரிவது எங்கள் பொது முகவரியே.

ஒரே முகவரியிலிருந்து போகும் பலரின் போக்குவரத்தையும் பிரித்தறிய உதவுவது போர்ட் எண். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட் எண்கள் உண்டு. முதல் 1,024-ஐ விட்டுவிட்டால் மீதி 64,512. அவற்றை 2,016 எண்கள் கொண்ட 32 தொகுதிகளாக நாங்கள் பிரித்து வைத்திருக்கிறோம். வீட்டு இணைப்பு ஒன்றுக்கு ஒரு தொகுதி போதும்; சுமார் 140 பேர் தங்கியிருக்கும் அந்த விடுதிக்கு 8 தொகுதிகள் தந்திருந்தோம். அதாவது விடுதியும் 24 வீடுகளும் வெளியே ஒரே முகவரியாகத் தெரிந்தன.

இனி இதை விளையாட்டுச் சேவையின் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஒரு வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று கணக்குப் பெயர்கள் உள்ளே வருவது இயல்பு. இரவு 9 மணிக்கு ஒரே முகவரியிலிருந்து நாற்பது ஐம்பது பெயர்கள் வருகின்றன. அவற்றுள் சில கடவுச்சொல்லைப் பிழையாகத் தட்டி மீண்டும் முயல்கின்றன. திருடப்பட்ட கடவுச்சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்காகத் திறந்து பார்க்கும் மோசடி நிரலும் தூரத்திலிருந்து ஏறக்குறைய இதே தோற்றத்தில்தான் இருக்கும். இரண்டையும் முகவரியை மட்டும் கொண்டு பிரித்துச் சொல்வது கடினம் என்பதால், அவர்கள் தடுத்ததை நாங்கள் குறையாகச் சொல்லமாட்டோம். மேலும், இம்முறை அந்தச் சந்தேகத்தில் உண்மையும் இருந்தது.

அதற்கு முன், விடுதியில் பரவிய ஒரு வதந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே அறையில் ஒருவர் தடையின்றி விளையாடிக்கொண்டிருக்க, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரால் உள்ளேயே நுழைய முடியவில்லை என்பதால், சில அறைகளுக்கு மட்டும் நாங்கள் நல்ல இணைப்பு தருகிறோம் என்ற பேச்சு எழுந்தது. அப்படி எதுவும் இல்லை. தடை லாகின் வாசலில் மட்டுமே இருந்தது. முன்பே உள்ளே போனவரின் கணினி ஓர் அனுமதிச் சீட்டைச் சேமித்து வைத்திருக்கும். அது செல்லுபடியாகும் வரை மறுபடி கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை. ஆட்டம் நடக்கும் சர்வரும் பெரும்பாலும் வேறாகவே இருக்கும். அவரும் கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைய முயன்றிருந்தால் அதே மறுப்பைத்தான் கண்டிருப்பார்.

முதல் புகார்கள் வந்தபோது நாங்கள் செய்தது எளிதான, ஆனால் தவறான காரியம்: விடுதியை வேறொரு பொது முகவரிக்கு மாற்றினோம். அன்றிரவு எல்லோரும் உள்ளே போனார்கள். நாங்களும் வேலை முடிந்தது என்று எண்ணினோம். மூன்றாம் நாள் புதிய முகவரியும் தடுக்கப்பட்டது. அதைப் பகிர்ந்திருந்த, இதுவரை எந்தச் சிக்கலும் இல்லாத வீடுகளும் அதனால் பாதிக்கப்பட்டன. காரணத்தைத் தேடாமல் முகவரியை மாற்றியதற்கு அந்த வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

அதன் பிறகே சேவையின் முறைகேட்டுப் பிரிவுக்கு எழுதி, தடைக்குக் காரணமான முயற்சிகளின் நேரத்தையும், எங்கள் பக்கத்துப் போர்ட் எண்ணையும் கேட்டோம். முகவரியை மட்டும் சொன்னால் எங்களுக்கு அதில் பயனில்லை. அது 25 இணைப்புகளுக்கும் பொது. பதிலில் பல வரிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று 21:42:10 யுடிசி, போர்ட் 23417 என்றது. அந்த எண் 23,200 முதல் 25,215 வரையிலான பன்னிரண்டாம் தொகுதியில் விழுகிறது. எங்கள் பதிவேட்டில் அந்தத் தொகுதி யாரிடம் இருந்தது என்று பார்த்தால், ஒரு வீட்டின் பெயர் வந்தது. அழைத்து விசாரித்தோம். அந்த வீட்டில் இணைய விளையாட்டு ஆடுபவர் எவருமில்லை.

பிழை எங்களுடையது. யுடிசி என்பது உலகப் பொது நேரம். அதை உள்ளூர் நேரமாக மாற்றாமல் இரவு 9.42 என்றே படித்துவிட்டோம். மாற்றிப் பார்த்தபோது அது மறுநாள் அதிகாலை 3.12 ஆயிற்று. தொகுதிகள் தேவைக்கேற்பக் கைமாறுபவை என்பதால், இரவில் அந்த வீட்டிடம் இருந்த அதே தொகுதி அதிகாலையில் விடுதியிடம் இருந்தது. பதிலில் இருந்த மற்ற வரிகளையும் இவ்வாறு திருத்திப் பார்த்தோம். அனைத்தும் விடுதியின் தொகுதிகளிலேயே வந்து விழுந்தன.

விடுதியின் ரவுட்டரும் உள்ளே தன் பங்குக்கு இன்னொரு முறை முகவரியைப் பகிர்வதால், எங்கள் பதிவேடு விடுதி வாசலோடு நின்றுவிடும். ஆகவே விடுதிக் காப்பாளரின் ஒப்புதலோடு, அதிகாலை 3 மணிக்கு ரவுட்டரின் இணைப்புப் பட்டியலை நேரில் பார்த்தோம். பெரும்பாலான கருவிகள் உறங்கிக்கொண்டிருந்த அந்த வேளையில், ஒரு கருவி மட்டும் சில நொடிகளுக்கு ஒரு முறை புதிய இணைப்பைத் திறந்து மூடியபடி இருந்தது. அது பொதுக்கூடத்துத் தொலைக்காட்சியில் செருகியிருந்த ஒரு சிறிய ஆண்ட்ராய்டு பெட்டி. இலவசமாகப் படம் காட்டுவதாகச் சொல்லி அதில் யாரோ நிறுவிய செயலி, பின்னணியில் விடுதியின் இணைப்பை வெளியாருக்கு வழியாகத் திறந்துவிட்டிருந்தது. அந்த வழியாக வந்த எவரோ விடுதியின் பெயரில் கடவுச்சொற்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கழற்றிய அன்றிரவே அந்தப் போக்குவரத்து நின்றது. விடுதி மாணவர் எவர் மீதும் இதில் குற்றமில்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்கிறோம்.

இப்போது விடுதிக்குத் தனியாக ஒரு பொது முகவரி ஒதுக்கியிருக்கிறோம். கூடுதல் கட்டணம் இல்லை. இனி அங்கே எதுவும் நேர்ந்தாலும் அக்கம்பக்கத்து வீடுகளைத் தொடாது. விடுதிக்குள்ளேயே 140 பேரும் ஒரே முகவரியில்தான் இருப்பார்கள் என்பதால், பரபரப்பான இரவுகளில் தற்காலிகத் தடை மீண்டும் வரக்கூடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எல்லா இணைப்புகளிலும் ஐபிவி6 என்ற புதிய முறை முகவரி வசதியையும் திறந்துவிட்டோம். அதில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி எண்வரிசை உண்டு. ஆனால் விளையாட்டின் லாகின் சர்வரும் ஐபிவி6-இல் பேசினால்தான் அது உதவும். பேசாத சேவைகளுக்குப் பழைய பகிர்வு முகவரியே போகும்.

இத்தகைய மறுப்பு உங்களுக்கு வந்தால், முதலில் கைப்பேசியின் மொபைல் டேட்டாவை ஹாட்ஸ்பாட் ஆக்கி, அதே கணினியில் அதே கணக்கைக் கொண்டு ஒரு முறை நுழைந்து பாருங்கள். உள்ளே போக முடிந்தால் கணக்கு நலமாக இருக்கிறது, முகவரிதான் சிக்கல். அங்கும் அதே மறுப்பு வந்தால் கணக்கைப் பற்றிச் சேவையிடம்தான் கேட்க வேண்டும். புதிய இடத்திலிருந்து நுழைவதால் மின்னஞ்சலுக்கு ஒரு சரிபார்ப்புக் குறியீடு வரலாம். அதைத் தடை என்று எண்ணிவிட வேண்டாம்.

ரவுட்டரை அணைத்துப் போடுவதால் பயனில்லை. உள்ளே இருக்கும் 100 என்று தொடங்கும் எண் மாறினாலும் வெளியே தெரியும் முகவரி பெரும்பாலும் அதேதான். திரும்பத் திரும்ப முயல்வது நிலைமையை மோசமாக்கும்: நாற்பது பேர் ஆளுக்கு ஐந்து முறை தட்டினால் சேவையின் கணக்கில் 200 தோல்விகள் ஏறுகின்றன, தடையின் காலமும் நீளக்கூடும். விபிஎன் வழியாகச் செல்லலாமே என்று பலர் கேட்டார்கள். அந்த முகவரிகளையும் முன்பின் அறியாத பலர் பகிர்கிறார்கள், அவற்றுள் பல ஏற்கெனவே சந்தேகப் பட்டியலில் உள்ளன. சில சேவைகளின் விதிகள் அதை அனுமதிப்பதும் இல்லை. முகவரித் தடையில் தொடங்கியது கணக்குத் தடையாக முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு எழுதும்போது மறுப்பு வந்த தேதி, இயன்றால் நொடி வரையிலான நேரம், திரையில் வந்த வாசகத்தின் படம் ஆகியவற்றை அனுப்புங்கள். கடவுச்சொல்லை எக்காரணம் கொண்டும் அனுப்ப வேண்டாம். நாங்கள் கேட்கவும் மாட்டோம். சேவையின் உதவிப் பிரிவிலும் உங்கள் கணக்கிலிருந்தே ஒரு புகார் பதியுங்கள். நாங்கள் முகவரியைப் பற்றி மட்டுமே பேச முடியும். கணக்கு உங்களுடையது என்று சொல்ல உங்களால்தான் முடியும். தடையை நீக்கும் அதிகாரம் அந்தச் சேவையிடமே உள்ளது. எண்ணிக்கை மிகுந்ததால் வந்த தடை பெரும்பாலும் தானாகவே விலகும், சந்தேகப் பட்டியலில் ஏறியது விலகக் கூடுதல் நாட்கள் ஆகலாம்.

முதலில் தடுக்கப்பட்ட முகவரியை இப்போது யாருக்கும் தராமல் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதிலிருந்து எங்கள் சோதனைக் கணக்கு தொடர்ந்து ஏழு நாட்கள் தடையின்றி நுழைந்த பிறகே அதை மீண்டும் வீடுகளுக்கு வழங்குவோம்.

இப்படிக்கு,
இணைப்புப் பராமரிப்புப் பிரிவு