'எந்தக் கறையும் போகும்' என்று எழுதுகிறவர்களுக்கு

வீட்டுக்கே வந்து துணி எடுத்துப்போகும் லாண்டரிக்காரர்களுக்கு,

வணக்கம். டிரை கிளீனிங் கடை ஒன்றில், கறை எடுக்கும் மேசையில் பல வருஷம் நின்றவன் நான். இப்போது வேலையை விட்டுவிட்டேன். போனில் உங்கள் விளம்பரப் படங்களும் அவற்றுக்குக் கீழே நீங்கள் எழுதும் வரிகளும் கண்ணில் படுகின்றன. 'இன்று எடுப்போம், நாளை தருவோம். எந்தக் கறையும் போகும்!' என்று இருக்கிறது. ஆனால் பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'கறைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்றும் இருக்கிறது. துணி கொடுப்பவர் இதில் எதை நம்புவார்?

எங்கள் கடைக்கு வந்த ஒரு புடவையைப் பற்றிச் சொல்கிறேன். சந்தன நிறப் பட்டு. கல்யாணப் பந்தியில் மடியில் சாம்பார் சிந்தியிருக்கிறது. அந்த அம்மா வீட்டுக்கு வந்ததும் துணி சோப்பு போட்டுத் தேய்த்திருக்கிறார். மஞ்சளாக இருந்த இடம் சிவந்துவிட்டது. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதேதான் இதுவும். சோப்பில் இருக்கும் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அவரோ, சாயம்தான் போய்விட்டது என்று பயந்து அதை மறைத்துக்கொண்டார். துணி எடுக்கப் போன பையனும் எதுவும் கேட்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டு, பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டான்.

அதே புடவையின் முந்தானையில் இளநீரும் சிந்தியிருந்தது. காய்ந்த பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை, அவரும் மறந்துவிட்டார். மறுநாளே தருவதாகச் சொல்லியிருந்ததால் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க எங்களுக்கும் நேரமில்லை. நேராக மெஷினுக்குப் போனது. டிரை கிளீனிங்கில் போடும் திரவம் எண்ணெயைக் கரைக்கும், சர்க்கரையைக் கரைக்காது. இளநீர், காபி, ஜூஸ் எல்லாம் தண்ணீரில் போகும் கறைகள், மெஷினிலிருந்து அப்படியே திரும்பி வரும். அப்புறம் ஸ்டீம் அயர்னின் சூடு பட்டதும் முந்தானையில் பழுப்பாக ஒரு திட்டு எழும்பியது. 'நீங்கள்தான் கருக்கிவிட்டீர்கள்' என்றார் அவர். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

புடவை மறுபடி மேசைக்கு வந்தது. உள்ளே செருகும் முனையில் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்தேன். சாயம் ஒட்டவில்லை. சாம்பார் எண்ணெய் மெஷினிலேயே போயிருந்தது. சிவப்பின் மேல் தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரை ஒற்றியதும் அது மஞ்சளுக்குத் திரும்பியது. மிச்ச மஞ்சளை ஹைட்ரஜன் பெராக்சைடில்தான் வெளுக்க வேண்டும். அதையும் நன்றாக நீர்க்கவைத்து, அதே மூலையில் சோதித்த பிறகே தொட்டேன். பட்டுக்குக் குளோரின் பிளீச் ஆகவே ஆகாது, அது இழையையே தின்றுவிடும். ஒரு தடவை ஒற்றி, அலசி, நிழலில் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தடவை. ஈரத்தில் எல்லாக் கறையும் போன மாதிரிதான் தெரியும். இரண்டு நாளில் மஞ்சள் போனது. முந்தானைத் திட்டு பாதி வெளுத்து அதோடு நின்றுவிட்டது. சூடு படுவதற்கு முன்னால் தெரிந்திருந்தால், வெறும் தண்ணீரிலேயே பெரும்பகுதி போயிருக்கும்.

அதனால்தான் எல்லாத் துணிக்கும் ஒரே கெடு சொல்லாதீர்கள் என்கிறேன். கறையில்லாத பருத்திச் சட்டையை மறுநாள் தரலாம். கறை பட்ட பட்டை அப்படித் தர முடியாது. இன்னொன்று, நீங்கள் சொல்லும் 24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது? சாயங்காலம் ஏழு மணிக்கு எடுத்த துணி மறுநாள் காலையில்தான் பட்டறைக்கு வந்து சேரும். வீட்டில் இருப்பவரோ ஏழு மணியிலிருந்தே எண்ணத் தொடங்கிவிடுவார்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது அல்லவா, நானே ஒரு வரி எழுதிப் பார்த்தேன். நாள் கணக்கை உங்கள் பட்டறைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

'வீட்டுக்கே வந்து எடுப்போம், திருப்பித் தருவோம். தினசரித் துணி 2 நாள். பட்டு, கோட்டு 4 நாள். கறை இருந்தால் இன்னும் 2 நாள். நாள் கணக்கு, துணி எங்கள் பட்டறைக்கு வந்ததிலிருந்து. என்ன சிந்தியது, எப்போது, வீட்டில் என்ன போட்டுத் தேய்த்தீர்கள் என்று சொல்லுங்கள். காய்ந்து மறைந்த இளநீர், ஜூஸ் கறையையும் காட்டுங்கள். துணிக்குச் சேதம் வராத அளவுக்குத்தான் முயல்வோம். அதற்கு மேல் போகாது என்றால் நிறுத்திவிட்டு உங்களுக்குப் போன் செய்வோம். கறைக்கென்று தனிக் கட்டணம், அது போனால் மட்டும். எங்கள் கையில் கெட்டால் பொறுப்பு எங்களுடையது.'

நீளம்தான். இடம் போதாது என்றால் 'எந்தக் கறையும் போகும்' என்பதை எடுத்துவிடுங்கள், அதற்குள் பாதி அடங்கிவிடும். துணி எடுக்க வரும் பையனிடம் ஒரு நோட்டும், கறையைச் சுற்றிக் குத்த நாலு சேஃப்டி பின்னும் கொடுத்து அனுப்புங்கள். பட்டில் குத்தும்போது ஓரத்தில் குத்தச் சொல்லுங்கள், நடுவில் குத்தினால் ஓட்டை தெரியும்.

இப்படிக்கு,
கறை மேசையில் நின்ற ஒருவன்