ஜன்னல் கிரில்லில் கிடைக்கம்பி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடலைப் பார்த்த வீடுகளின் ஜன்னல்களுக்குக் கிடைக்கம்பி கிரில்களே விசாலமான தோற்றம் தரும் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கடலூரில் கிரில் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இந்த யோசனை பொருந்தாது என்று தெரிவிக்க விரும்புகிறேன். கிடைக்கம்பி ஒவ்வொன்றும் குழந்தைக்கு ஏணிப்படி. ஜன்னலை ஒட்டிக் கட்டிலும் கிடந்தால் ஏறுவது இன்னும் எளிது.

நெடுக்குக் கம்பிகளிலும் இடைவெளி 100 மி.மீட்டரை எட்டக்கூடாது; ஏனெனில் அகன்ற இடைவெளியில் கால்களை முதலில் நுழைக்கும் குழந்தையின் உடல் வெளியே வழுக்கிப் போய், தலை மட்டும் உள்ளே சிக்கிக்கொள்ளும். பூவும் மயிலுமாக வளைத்த வடிவங்களில் இத்தகைய அகன்ற பொந்துகளும் கால்வைக்கும் வளைவுகளும் சேர்ந்தே அமைந்துவிடுகின்றன.

இவ்வளவு நெருக்கமாக வைத்தால் சிறைக்கம்பி போல் இருக்காதா என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. அதற்கு விடை கம்பியின் வடிவத்தில் இருக்கிறது. உள்ளளவு 1200 மி.மீ. அகலமும் அதே உயரமும் கொண்ட ஜன்னலுக்கு 12 மி.மீ. சதுரக் கம்பி 11 வைத்தால் இடைவெளி 89 மி.மீ.; அகலத்தில் 132 மி.மீ. இரும்பே மறைத்துவிடும். அதற்குப் பதிலாக 25×6 மி.மீ. பட்டைகள் 12 எடுத்து, அவற்றின் மெல்லிய விளிம்பு நம்மைப் பார்க்குமாறு நிறுத்தினால், இடைவெளி 87 மி.மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், மறைப்பு 72 மி.மீட்டராகவும் அமையும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் மட்டும் பட்டையின் அகலம் தெரியும். அதைத் தவிர்க்க வழியில்லை. பளபளக்கும் வெள்ளையைவிட மங்கலான அடர் சாம்பல் பூச்சு வெளிச்சத்தைக் குறைவாகப் பிரதிபலிப்பதால் கண்ணை உறுத்தாது.

இந்த அமைப்பின் பலவீனம், பட்டை பக்கவாட்டில் வளைந்துகொடுப்பது. 5 மி.மீ. பட்டை போதும் என்று சிக்கனம் பார்த்தால் கையால் இழுத்தே இடைவெளியை அகலப்படுத்திவிடலாம். ஆகவே குறுக்கே ஓர் இணைப்பு தேவை. ஆனால் அது நடுவில் வந்தால் மறுபடியும் படியாகிவிடும் என்பதால், அடிச்சட்டத்திலிருந்து 900 மி.மீ. உயரத்தில் வைப்பதே என் வழக்கம். தீ விபத்தில் வெளியேற, ஓர் அறையிலாவது சாவியிட்டுத் திறக்கும் பகுதியையும் கேட்டு வாங்குங்கள். சாவி பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டட்டும்.

சில பட்டறைகளில் அளவைச் சமமாகப் பிரிக்காமல், மிச்சத்தையெல்லாம் கடைசி இடைவெளியில் தள்ளிவிடுகிறார்கள். 90 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை ஓரம் உட்பட ஒவ்வோர் இடைவெளியிலும் வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். எங்கும் அது நுழையக்கூடாது. இந்தச் சோதனையைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பிறகு வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு கருகி, நம் ஊர் உப்புக்காற்றில் துரு அங்கிருந்தே தொடங்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்